அந்தி நேரப் படத்தில் சிவப்பாக ஒரு கண்: ஆந்தையா, பக்கியா?

கண்மாய்க்கரை:
திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் போன வாரம் எடுத்த படம் இது. சூரியன் இறங்கி அரை மணி நேரம் இருக்கும், கரைமேல் வண்டித்தடத்தில் ஏதோ உட்கார்ந்திருந்தது, வெறும் கண்ணுக்கு மண்ணாங்கட்டி மாதிரிதான் தெரிந்தது. கேமராவோடு இருக்கிற ஃபிளாஷைத் திறந்து ஒன்று எடுத்தேன். திரையில் பார்த்தால் ஒரே ஒரு கண், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், உடம்பு கிட்டத்தட்ட இருட்டு. அடுத்தது எடுப்பதற்குள் சத்தமே இல்லாமல் எழும்பிப் போய்விட்டது. ஊரில் காட்டினால் எல்லோரும் ஆந்தை என்கிறார்கள். இதே மாதிரி படம் யாருக்காவது கிடைத்திருக்கிறதா, எப்படிப் பிரித்தீர்கள்?

விட்டில்:
சிவப்பாக எரிந்தால் பக்கி, மஞ்சளாக எரிந்தால் ஆந்தை. நான் தேனிப் பக்கம் ராத்திரி பைக்கில் போகும்போது ஹெட்லைட்டில் பார்த்த பக்கியெல்லாம் சிவப்புதான். இதுவும் பக்கி. முடிந்தது.

தோட்டத்துக்காரன்:
எங்கள் மோட்டார் ரூமுக்குள் ஒரு ஜோடி குடியிருக்கிறது, முகம் வெள்ளையாக இதய வடிவத்தில் இருக்கும், குஞ்சுகள் ராத்திரியெல்லாம் சீறுகின்றன. செல்போனில் எடுத்தால் ரெண்டு கண்ணும் மங்கலான சிவப்பில்தான் விழுகிறது, மஞ்சள் எங்கேயுமே இல்லை. அப்போ அதுவும் பக்கியா? வீட்டில் விரட்டச் சொல்கிறார்கள், எலி குறைந்திருக்கிறது, எனக்கு மனசில்லை.

முள்ளுக்காடு:
தோட்டத்துக்காரர் சொல்வது கூகை, விரட்டாதீர்கள். விட்டில் தம்பி சொன்ன கணக்கு இடிக்கிற இடமும் அதுதான். பளபளப்பும் கருவிழி வளையத்தின் நிறமும் வேறு வேறு. புள்ளி ஆந்தைக்கு வளையம் மஞ்சள், ஃபிளாஷ் அடித்தாலும் அது மஞ்சளாகவே இருக்கும், நடுவில் இருக்கிற பாப்பாதான் சிவக்கும். கூகைக்கு வளையமே கறுப்புக்குப் பக்கத்தில், அதனால் மஞ்சள் எதுவும் தெரியாது. பக்கிக்கும் வளையம் கரும்பழுப்புதான். ஆக, மஞ்சளோ ஆரஞ்சோ வளையம் தெரிந்தால் அது பக்கி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம், தெரியவில்லை என்பதற்காக ஆந்தை இல்லை என்று சொல்ல முடியாது. அந்தியில் பாப்பா அகலமாக விரிந்திருக்கும், மஞ்சள் வளையம் நூல் மாதிரி ஆகிவிடும், ஃபிளாஷ் கொஞ்சம் ஓவராக அடித்தால் அதுவும் வெளுத்துப் போகும்.

எரிகிற நிறத்தை நான் ரொம்ப நம்புவதில்லை. ஒரே பக்கியைத் தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்றில் சிவப்பு, அடுத்ததில் ஆரஞ்சு, தலையைக் கொஞ்சம் திருப்பியதும் வெளிறிய ரோஸ் என்று பார்த்திருக்கிறேன். பறவையின் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது, ஃபிளாஷ் லென்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். பக்கியின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற அடுக்கு இருக்கிறது, அதனால் தூரத்திலிருந்தே பளீரென்று எரியும், ஆந்தைக்கு அந்த அளவுக்கு எரியாது. ஆனால் இது நேரில் டார்ச் அடிக்கும்போதுதான் உதவும், படத்தில் எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

கண்மாய்க்கரை, வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெட்டாத ஒரிஜினல் ஃபைல் இருந்தால் போடுங்கள்.

மாலைநடை:
ஒரு சந்தேகம். இது பறவைதானா? எங்கள் பக்கம் முயல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் இப்படித்தான் ஒற்றைச் சிவப்புக் கண் விழும். கண்கிலேடியும் தரையில்தான் படுத்துக் கிடக்கும், அதற்கும் கண் பெரிசு.

கண்மாய்க்கரை:
பறவைதான் அக்கா, பறந்ததைப் பார்த்தேனே. கண்கிலேடி நீளக் காலோடு ஓடுமே, இது ஓடவில்லை. ஒரிஜினல் இதோ. 300 மிமீ, 1/60, ஐஎஸ்ஓ 6400.

முள்ளுக்காடு:
பார்த்தேன். உடம்பு இருட்டானதற்குக் காரணம் முன்னால் நிற்கிற புல். அதுதான் ஃபிளாஷில் வெள்ளையாக வெந்திருக்கிறது, கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. ராவ் ஃபைல் என்பதால் நிழல் பகுதியை மட்டும் ரெண்டு ஸ்டாப் ஏற்றினேன், மணல் மணலாக வந்தாலும் ஆள் தெரிகிறது.

முதலில் கண் இருக்கிற இடம். பறவை முக்கால்வாசி நம் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனாலும் ஒரு கண்தான் விழுந்திருக்கிறது. ஆந்தை இந்த அளவுக்குத் திரும்பியிருந்தால் ரெண்டாவது கண்ணின் ஓரமாவது தெரியும், அதற்கு ரெண்டும் முன்பக்கம். பக்கிக்குத் தலையின் பக்கவாட்டில். அடுத்து அலகு. ஆந்தையாக இருந்தால் கண்களுக்கு நடுவே கீழ்நோக்கி வளைந்த அலகும், முகத்தைச் சுற்றி ஒரு விளிம்பும் வர வேண்டும். இங்கே தலை தட்டையாக, துளியூண்டு அலகு, அதன் அடியில் மீசை மாதிரி மயிர்கள். அப்புறம் உடம்பு தரையோடு தரையாக நீளவாக்கில் கிடக்கிறது. புள்ளி ஆந்தையும் பூச்சி பிடிக்கத் தரைக்கு வரும், ஆனால் காலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். புல் மறைப்பதால் கால் பகுதி தெரியவில்லை, இருந்தாலும் முதுகுக்கோடு சாய்வே இல்லாமல் கிடப்பது போதும். பக்கிதான்.

விட்டில்:
நான் அப்பவே சொன்னேன்ல.

முள்ளுக்காடு:
பதில் சரி தம்பி, காரணம் சரியில்லை.

எந்தப் பக்கி என்பதுதான் சிக்கல். பொட்டல், கண்மாய்க்கரை என்றால் இந்தியப் பக்கிக்கே வாய்ப்பு அதிகம். ஜெர்டன் பக்கி கொஞ்சம் பெரிசு, மரம் அடர்ந்த இடங்களில் அதிகம், தொண்டையில் வெள்ளைத் திட்டு உடையாமல் பெரிசாக இருக்கும். இந்தியப் பக்கிக்கு அந்த வெள்ளை நடுவில் உடைந்து ரெண்டு பக்கமும் துண்டாக நிற்கும். உங்கள் படத்தில் சரியாகத் தொண்டையின் பாதியைப் புல் மறைக்கிறது. தெரிகிற பாதி ரெண்டுக்கும் பொருந்தும். உச்சந்தலையில் கருங்கீற்றுகள் இருக்கிற மாதிரி தோன்றுகிறது, அதனால் சவானா பக்கியை ஓரமாக வைக்கலாம். ஆனால் இந்த இரைச்சலில் கீற்று எது, கறை எது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

சத்தம் கேட்டீர்களா? படத்தைவிட அதுதான் ஆதாரம். இந்தியப் பக்கி கத்துவது சிமெண்ட் தரையில் போட்ட கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குகிற மாதிரி, சக் சக் சக் என்று ஆரம்பித்து இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

கண்மாய்க்கரை:
டொக் டொக் என்று ஏதோ கேட்டது அண்ணே, ஆனால் பக்கத்து வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. சுருங்கிச்சா என்று கவனிக்கவில்லை.

மாலைநடை:
அடுத்த தடவை ஃபிளாஷ் அடிப்பதற்கு முன்னால் போனில் ஒலியைப் பதிந்துவிடுங்கள். வெளிச்சம் பட்டதும் சில பக்கிகள் அசையாமல் உட்கார்ந்துவிடும், தடத்தில் வண்டி வந்தால் அடிபடும். எங்கள் பக்கம் அப்படிச் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்காரன்:
செத்துக் கிடந்தது ஆந்தைக் குஞ்சாக இருக்கும். சரி, என் கூகை முட்டை வைக்கிறது எந்த மாதம் என்று யாராவது சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:
இப்போதைக்குப் பட்டியலில் "பக்கி, இனம் தெரியவில்லை" என்று ஏற்றியிருக்கிறேன்.

விட்டில்:
இந்தியப் பக்கி என்றே போட்டிருக்கலாம். அந்தக் கண்மாயில் வேறு எது வரும்?

முள்ளுக்காடு:
கண்மாய்க்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் மரம் அடர்ந்த கரடு இருக்கிறது தம்பி.