சனிக்கிழமை மகளின் தோழிகள் இரவு தங்க வருகிறார்கள், உதவுங்கள்!

லீட்ஸ்புதுசு: எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மகளுக்கு இந்த வாரம் ஒன்பது வயது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளித் தோழிகளை ஸ்லீப்ஓவருக்கு அழைத்துவிட்டாள். எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடட்டும் என்று ஓர் அம்மா மெசேஜே அனுப்பிவிட்டார். நான் பாட்டி வீட்டைத் தவிர வேறு எங்கும் இரவு தங்கி வளர்ந்தவள் இல்லை. கீழ்வீட்டு அம்மா சத்தத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறார். சத்தமில்லாத விளையாட்டு என்ன வைக்கலாம்? பத்து மணிக்குத் தூங்க வைக்க என்ன வழி? சீக்கிரம் சொல்லுங்கள், கை கால் ஓடவில்லை.

கொங்குத்தம்பி: அனுப்பாதீங்க அக்கா. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் பத்து வயது வரைக்கும் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

லீட்ஸ்புதுசு: தம்பி, அவள் போகவில்லை. அவர்கள்தான் இங்கே வருகிறார்கள்.

ஸ்காபரோ அம்மா: பிள்ளை, பயப்படாதேங்கோ. நான் கனடா வந்த முதல் குளிர்காலம் ஒரு பேஸ்மென்டில் ஏழு பேர் இருந்தோம். ஹீட்டர் பழுதாகி மூன்று நாள் ஜாக்கெட்டோடதான் படுத்தது. வீட்டுக்காரர் எட்டியும் பார்க்கேல்லை. அதோட ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. பிள்ளைகளை நல்லா ஓடவிடுங்கோ, களைத்துத் தாங்களாகவே விழுந்து படுக்குங்கள். ஏர்பெட்டைக் கல்லு மாதிரி இறுக்கி ஊதுங்கோ, அவ்வளவுதான்.

கிராய்டன் காயத்ரி: ஓடினால் தூங்குவார்கள் என்பது பாதிதான் உண்மை அக்கா. ஐந்து மணிக்குப் பூங்காவில் ஓடினால் பலன் உண்டு. எட்டரைக்கு வீட்டுக்குள் ஓடினால் உடம்பு சூடேறி, பதினொன்று வரை கண்ணை மூடமாட்டார்கள். கீழ்வீட்டுக் கதையும் இருக்கிறதே.

லீட்ஸ், நாலு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எத்தனை குழந்தைகள்? எத்தனை அறை? அன்று இரவு வீட்டில் யார் இருப்பீர்கள்? யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா?

லீட்ஸ்புதுசு: ஐந்து பேரை அழைத்திருக்கிறாள். மூன்று பேர் உறுதி, இரண்டு பேர் பதில் சொல்லவில்லை. ஒரே படுக்கையறை, ஒரு ஹால். ஏர்பெட் ஒன்று இருக்கிறது, இரண்டு பேர் படுக்கலாம். கணவருக்கு அன்று நைட் ஷிப்ட், காலை ஏழரைக்கு வந்து தூங்குவார். ஒவ்வாமை பற்றிக் கேட்கவே இல்லை.

கொங்குத்தம்பி: ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு குழந்தைகளா! நம் ஊரில் பிறந்தநாள் என்றால் கேசரி, நாலு பேருக்குச் சாக்லேட், எட்டு மணிக்கு அவரவர் வீடு. இங்கே ஒரு கொண்டாட்டத்துக்கு ஒரு மாதச் செலவு.

ஸ்காபரோ அம்மா: அதைக் கேளுங்கோ. என்ர மகளின் சினேகிதி ஒருத்தி கார்ப்பெட்டில் ஜூஸ் ஊத்தினவள். வீடு மாறேக்க அந்தக் கறைக்கென்று டெபாசிட்டில் பிடித்தவை.

கொங்குத்தம்பி: எங்களுக்கும் டெபாசிட்டில்தான் பஞ்சாயத்து. சுவரில் ஓர் ஆணி அடித்ததற்கு...

கிராய்டன் காயத்ரி: டெபாசிட்டுக்குத் தனி இழை போடுங்கள் சாமி. இவருக்குச் சனிக்கிழமை வந்துவிடும்.

லீட்ஸ், உங்கள் வீட்டுக்கு ஆறு பேர் முடியாது. மூன்று பேர் தங்கட்டும். பதில் சொல்லாத இருவரும் வந்தால், இரவு உடையோடு வந்து சாப்பிட்டு விளையாடிவிட்டு எட்டரைக்கு வீடு திரும்பட்டும். இங்கே பல பெற்றோருக்கு அது நிம்மதிதான். உங்கள் மகளோடு சேர்த்து நாலு பேர் என்பதும் நல்ல கணக்கு. மூன்று பேர் என்றால் இருவர் சேர்ந்துகொண்டு ஒருத்தி அழுவாள்.

இன்றைக்கே எல்லா அம்மாக்களுக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்கள். இரவில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள், கணவர் காலை ஏழரைக்கு வருவார் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை, சாப்பிடாத பொருள், இரவில் பயம், படுக்கை நனைப்பது, எல்லாம் கேளுங்கள். ஒன்பது வயதிலும் நனைக்கும் குழந்தைகள் உண்டு, அம்மா தனியாகச் சொன்னால் நீங்களும் சத்தமில்லாமல் ஒரு விரிப்பு போட்டுவிடலாம். அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் குழந்தை வந்தால் இரண்டு ஊசியும் கூடவே வர வேண்டும், போடும் விதத்தை அந்த அம்மாவிடமே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

படுக்கையறையைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். கட்டிலில் குறுக்காக இருவர், ஏர்பெட்டில் இருவர். நீங்கள் ஹால் சோபாவில். ஏர்பெட்டை மதியமே ஊதி வையுங்கள். புது பிளாஸ்டிக் இழுபட்டுச் சாயங்காலம் தொய்யும், அப்போது கொஞ்சம் சேர்த்தால் போதும். பத்து மணிக்குப் பம்பு போட்டால் கீழ்வீடு முழுக்கக் கேட்கும். குளிர் அடியிலிருந்துதான் ஏறும், அதனால் ஒரு போர்வையை மேலே போர்த்துவதைவிட ஏர்பெட்டின் மேல் விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள்.

இன்னொன்று, ஜூன் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிறது, நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும். ஜன்னலில் கனமான பெட்ஷீட்டைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் இன்னும் பகல்தானே ஆன்ட்டி என்பார்கள்.

மெல்பர்ன் முருகு: நேரம் எப்படிப் பிரிப்பது? நாங்கள் படம் போட்டு விட்டுவிடுவோம், அப்படியே தூங்கிவிடுவார்கள்.

கிராய்டன் காயத்ரி: எனக்கு அது சரிவரவில்லை. ஒரு படம் முடிந்ததும் இன்னொன்று கேட்டார்கள். போன், டேப்லெட் எல்லாம் ஏழு மணிக்கே ஒரு டப்பாவில் போய்விட வேண்டும்.

நான் செய்வது இப்படி. ஐந்தரைக்கு வரவு, நேராகப் பூங்கா. ஆறே முக்காலுக்குச் சாப்பாடு, பாஸ்தாவோ தோசையோ, கோலா வேண்டாம். ஏழரைக்கு மேல் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் மட்டும். தாயக்கட்டையைத் தரையில் உருட்டாமல் மடித்த துண்டின் மேல் உருட்டச் சொல்லுங்கள், கீழே சத்தம் போகாது. பல்லாங்குழி இருந்தால் சோழி போட்டுக் காட்டுங்கள், இங்கத்துக் குழந்தைகள் அதில் கட்டுண்டு போகிறார்கள். ஜெங்கா வேண்டாம், சரிந்தால் கீழ்வீட்டம்மா ஏறி வருவார். எட்டே முக்காலுக்குப் பல் தேய்ப்பது, ஒன்பதேகாலுக்கு எல்லோரும் படுக்கையில். ஆளுக்கு ஒரு வாக்கியம் சேர்த்து ஒரே கதையைச் சொல்லும் ஆட்டத்தைப் படுத்துக்கொண்டே ஆடலாம். பத்து மணிக்கு விளக்கு அணையும் என்று வந்தவுடனேயே, பெற்றோர் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பத்துக்கு நீங்கள் போய்ச் சொல்வது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

மெல்பர்ன் முருகு: படத்துக்கு என் ஓட்டு இன்னும் உண்டு. சரி, அவர் கணவர் ஏழரைக்கு எங்கே தூங்குவார்?

கிராய்டன் காயத்ரி: அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. ஒன்பதரைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அதுவரை குழந்தைகள் சமையலறையில் தட்டுச் சத்தத்தோடு சாப்பிடத்தான் செய்வார்கள்.

லீட்ஸ்புதுசு: (ஞாயிறு மாலை) முடிந்தது! பதில் சொல்லாத இருவரும் வரவில்லை. விளக்கு பத்துக்கு அணைந்தது, ஆனால் சிரிப்பு பதினொன்று பத்து வரை. மூன்று முறை போய்ப் பேசினேன். இரண்டாம் முறையே ஒருத்தி அழ ஆரம்பித்தாள், வயிற்று வலி என்றாள். அம்மாவுக்குப் போன் போட்டதும் பதினைந்தே நிமிடத்தில் வந்து அழைத்துப் போனார், சங்கடமே படவில்லை. கீழ்வீட்டம்மா வரவில்லை. கணவர் சோபாவில் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினார் என்று சொல்லிக்கொள்கிறார். ஏர்பெட் விடியற்காலையில் பாதி தொய்ந்திருந்தது, ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் தெரியுமா?

ஸ்காபரோ அம்மா: தெரியும். குமிழி வாற இடம்தான் ஓட்டை. முதலில் வால்வைப் பாருங்கோ.