கலைச்சொல் வேண்டும்: வாட்டர்ஃபால் சார்ட்

மலர்விழி:

வணக்கம். எங்களுடையது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் குழு கூட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் காலாண்டு முடிவுகளைத் திரையில் போட்டு, படம் படமாக விளக்குவது என் வேலை. இயக்குநர்கள் எல்லோரும் நிலக்கடலை போடுகிறவர்கள். கணக்கில் கெட்டி, ஆனால் ஆங்கிலத் தலைப்பு வந்தால் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் பேசப்போவதை முழுக்கத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் இரண்டும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது படத்துக்குத்தான் பெயர் இல்லை. இடது ஓரத்தில் போன வருடத்துப் பட்டை, வலது ஓரத்தில் இந்த வருடத்துப் பட்டை, நடுவில் எது கூட்டியது, எது குறைத்தது என்று அந்தரத்தில் நிற்கும் பட்டைகள். எண்களை எளிதாக்கி, என் பேச்சை இங்கே தருகிறேன்:

"அடுத்த படம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கடலை எண்ணெய் விற்பனை. இடது ஓரம் போன வருடம், 50 லட்சம். வலது ஓரம் இந்த வருடம், 52 லட்சத்து 80 ஆயிரம். கூடியது 2 லட்சத்து 80 ஆயிரம். பச்சைப் பட்டையைப் பாருங்கள்: 20,000 லிட்டர் விற்ற இடத்தில் 22,000 லிட்டர் விற்றோம், அதனால் 5 லட்சம் கூடியது. சிவப்புப் பட்டை: லிட்டர் 250 ரூபாயிலிருந்து 240 ஆனது, அதனால் 2 லட்சத்து 20 ஆயிரம் குறைந்தது."

'அடுத்த படம்' என்று சொல்லும் இடத்தில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். வாய்க்கு எளிதாக வரவேண்டும், அவ்வளவுதான்.

தணிகாசலம்:

அம்மா, நீர்வீழ்ச்சி என்று அப்படியே பெயர்த்தால் பொருந்தாது. அருவி என்றாலும் அதே குறைதான், தண்ணீர் மேலே ஏறாது. உங்கள் படத்தில் முதலில் ஏறி அப்புறம் இறங்குகிறது. ஏறவும் இறங்கவும் ஆவது படிக்கட்டு. 'படிக்கட்டுப் படம்' என்று வையுங்கள். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

இளங்கோ:

ஐயா அருவியைத் தள்ளியது சரி. ஆனால் படிக்கட்டு என்ற பெயருக்கு வேறு படம் காத்திருக்கிறது. ரெப்போ வட்டி விகிதத்தைக் கோடாகப் போட்டால் மாதக்கணக்கில் சமமாகப் போய், ஒரு நாளில் சட்டென்று மாறி, மறுபடி சமமாகப் போகும். படிக்கட்டு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இங்கே கொடுத்துவிட்டால் அதற்கு வேறு சொல் தேட வேண்டிவரும்.

நான் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றில் போர்டுக்குத் தாள்கள் தயார் செய்தவன். அங்கே யாரும் வாட்டர்ஃபால் என்று சொல்ல மாட்டார்கள், 'பிரிட்ஜ்' என்பார்கள். ஒரு காலாண்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து போவதால் அந்தப் பெயர். 'பாலப் படம்' என்பது என் பரிந்துரை.

பெயரை விட அவசரமான ஒன்று. மலர்விழி, செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது? நடுப் பட்டைகள் பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் 45 லட்சத்தில் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் போன வருடத்துப் பட்டையின் உயரம் 5, இந்த வருடத்துப் பட்டையின் உயரம் 7.8. உண்மையான வளர்ச்சி 5.6 சதவீதம், கண்ணுக்குத் தெரிவது 56 சதவீதம். இன்னும் மோசம், பச்சைப் பட்டையும் போன வருடத்து மொத்த விற்பனையும் ஒரே உயரத்தில் நிற்கும். தரையில் நிற்கும் பட்டை பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுப் பட்டைகள் ரொம்பச் சிறியதாகிவிட்டால் ஓரப் பட்டைகளை எடுத்துவிட்டு, மாற்றத்தை மட்டும் காட்டுங்கள்: கூடியது 5, குறைந்தது 2.2, மிச்சம் 2.8.

பர்வீன்:

எங்கள் பால் சங்கத்திலும் இதே படம் போடுகிறோம். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. 'இருப்புப் படம்' என்றால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எனக்கு வேறு தொல்லை. கடைசிப் பட்டை தரையில் நிற்காமல் மேலே ஏறிப் போய்விடுகிறது. இறுதி இருப்பு இரட்டிப்பானது போலத் தெரிகிறது.

மலர்விழி:

பர்வீன் அக்கா, உங்களுடையது கையிருப்புக் கணக்கு, அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். என்னுடையது விற்பனை, அதில் இருப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் ஆரம்ப இருப்பில் தொடங்கிக் கூட்டிக் கழித்து இறுதி இருப்புக்கு வருவது எங்கள் இயக்குநர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி. அதிலிருந்தே பெயர் எடுத்தால் என்ன? 'கூட்டுகழி படம்'. பேரைக் கேட்டதுமே என்ன செய்ய வேண்டும் என்று புரியும்.

இளங்கோ சார், அச்சு 45-இல்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

இளங்கோ:

பர்வீன், எக்செல் கடைசி எண்ணையும் இன்னொரு வரவாக எடுத்துக்கொண்டு மேலே அடுக்குகிறது. அந்தப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் `Set as total` கொடுங்கள், தரைக்கு வந்துவிடும். எக்செல் 2016-க்கு முந்தைய பதிப்புகளில் இந்தப் படவகையே கிடையாது. அடியில் நிறமில்லாத பட்டை ஒன்றை வைத்து அதன்மேல் அடுக்க வேண்டும்.

'கூட்டுகழி' எனக்கும் பிடிக்கிறது. ஆனால் மலர்விழி, கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: 10 ரூபாய் குறைவை 22,000 லிட்டருக்குப் போட்டது ஏன்? பழைய 20,000 லிட்டருக்குப் போட்டால் குறைந்தது 2 லட்சம்தான். அப்போது கூடுதல் 2,000 லிட்டரை 240-ஆல் பெருக்கினால் 4 லட்சத்து 80 ஆயிரம். மொத்த மாற்றம் இரண்டு வழியிலும் 2 லட்சத்து 80 ஆயிரமே, இரண்டு பட்டைகளின் உயரம் மட்டும் மாறுகிறது. இடையில் நிற்கும் 20 ஆயிரம் விலை, அளவு இரண்டுக்கும் பொதுவானது. சிலர் அதை மூன்றாவது பட்டையாகத் தனியே காட்டுவார்கள். நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் அதை ஒவ்வொரு காலாண்டிலும் மாற்றாமல் வையுங்கள், பேச்சிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். வழி மாறினால் காலாண்டுகளை ஒப்பிட முடியாது.

தணிகாசலம்:

'கூட்டுகழி' வினைத்தொகை போல ஒலித்தாலும் இரண்டு ஏவல்களை ஒட்டியது போல நிற்கிறது. 'கூட்டல்கழித்தல் படம்' என்றால் இலக்கணம் சுத்தம். அந்த 20 ஆயிரத்துக்கும் பெயர் வைக்க வேண்டுமே. 'பொதுப்பங்கு'?

இளங்கோ:

பொதுப்பங்கு என்றால் பங்குதாரர்கள் கூட்டத்தில் வேறு பொருள் வந்துவிடும் ஐயா. ஷேர் என்று நினைப்பார்கள். 'கலப்பு' என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எண்ணெய் வியாபாரத்தில் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது.

மலர்விழி:

எங்கள் தலைவரிடம் ஒத்திகையாகப் படித்துக் காட்டினேன். 'கூட்டல்கழித்தல் படம்' அவருக்கு நீளமாக இல்லை, அதையே வைத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது வேறு: "விலையைக் குறைத்ததால்தானே 2,000 லிட்டர் கூடுதலாகப் போனது? அப்படியானால் பச்சையும் சிவப்பும் ஒரே முடிவின் இரண்டு பக்கம். படத்தில் தனித்தனியாக நிற்கிறதே?"

எனக்குப் பதில் வரவில்லை. கணக்குப்படி பிரித்தது சரி, ஆனால் காரணத்தை இந்தப் படம் காட்டாது. அதனால் பேச்சில் இந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன்:

"இந்தக் கூட்டல்கழித்தல் படம் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று மட்டும் சொல்லும். விலைக் குறைப்பை இந்த வருட லிட்டர் முழுவதற்கும் கணக்கிட்டிருக்கிறோம். விலை குறைந்ததால் விற்பனை கூடியதா, திருவிழா ஆர்டரால் கூடியதா என்பதை அடுத்த படத்தில், வாரவாரி விற்பனையில் பார்ப்போம்."

20 ஆயிரத்துக்கு இன்னும் பெயர் இல்லை. இந்தக் கூட்டத்தில் 'இரண்டுக்கும் பொதுவானது' என்றே சொல்லிவிடுகிறேன்.

பர்வீன்:

பட்டை தரைக்கு வந்துவிட்டது, நன்றி. விற்பனைப் படம் எங்களுக்கும் போட வேண்டும். பாலில் விலையும் லிட்டரும் போதாது, கொழுப்புச் சத்தும் மாறும். அப்போது பொதுவானது எத்தனை பட்டை வரும்?