பினோசே வழக்கில் ஹாஃப்மன் விலகியிருக்க வேண்டுமா?

கதிர்: சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேவை நாடுகடத்தும் வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1998இல் அவருக்கு எதிரான தன் தீர்ப்பையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிபதிகளில் ஒருவரான ஹாஃப்மன் காசு வாங்கவில்லை. அப்புறம் ஏன் ரத்து?

செல்வம்: அவர் மனைவி ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் அலுவலகத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். மனைவி வேலைக்குப் போனால் கணவன் தீர்ப்பு சொல்லக் கூடாதா? மறுவிசாரணையிலும் பினோசேதான் தோற்றார். வீண் வேலை.

மீனாட்சி: மனைவி அங்கே வேலை பார்த்தது உண்மை. ஆனால் ரத்துக்கு அடிப்படை அதுவல்ல. ஆம்னெஸ்டியின் அறக்கட்டளை நிறுவனம் ஒன்றில் ஹாஃப்மனே சம்பளமில்லாத இயக்குநர், தலைவரும்கூட. அந்த ஆம்னெஸ்டி இதே வழக்கில் அனுமதி வாங்கி உள்ளே வந்து, பினோசேவுக்கு எதிராக வாதாடியது. ஒரு தரப்போடு சேர்ந்தவர் நீதிபதி இருக்கையில் இருந்தார் என்றாகிறது. தீர்ப்பு 3-2, அந்த மூவரில் அவர் ஒருவர். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால், பினோசே தரப்பு ஆட்சேபிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கும். எனக்கு உறுத்துவது அந்த மௌனம்தான்.

அப்புறம், மறுவிசாரணை வீணில்லை. 1999 மார்ச்சில் ஏழு பேர் கேட்டு 6-1 என்று பினோசேவுக்கு எதிராகவே சொன்னார்கள். ஆனால் 1988 டிசம்பர் 8க்குப் பிந்தைய சித்திரவதைக்கு மட்டும்தான் அவரை நாடுகடத்தலாம் என்றார்கள். பெரும்பாலான குற்றச்சாட்டுகள் அதோடு கழன்றுபோயின.

ராணி: எங்கள் நிலத் தகராறில் எதிர்த்தரப்பு வக்கீலும் நீதிபதியும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். தோற்றுவிட்டோம். இதை வைத்து ரத்து கேட்கலாமா?

மீனாட்சி: ஒரே கல்லூரி என்பது மட்டும் போதாதுங்க. உங்களுக்கு இது எப்போது தெரியும் என்பது அதைவிட முக்கியம். 1957இல் மாணக் லால் என்ற வக்கீலின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் மீதான ஒழுக்கப் புகாரை விசாரித்த குழுவின் தலைவர் முன்பு எதிராளிக்காக ஆஜரானவர். அப்படிப்பட்டவர் அங்கே இருந்திருக்கக் கூடாது என்றுதான் உச்ச நீதிமன்றம் நினைத்தது. ஆனாலும் விஷயம் தெரிந்தே மாணக் லால் பேசாமல் இருந்துவிட்டு, முடிவு பாதகமான பிறகு கிளப்பினார் என்று அவர் ஆட்சேபத்தை ஏற்கவில்லை.

ராணி: விசாரணை நடக்கும்போதே தெரியும். வக்கீல்தான் நீதிபதியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

செல்வம்: மனைவி விஷயத்தில் நான் சொன்னது சரியில்லை, விடுங்கள். என் பயம் வேறு. பிடிக்காத நீதிபதியைக் கழற்றிவிட ஏதாவது ஒரு தொடர்பைத் தோண்டினால் போதும் என்று ஆகிவிடும். 2015இல் நீதிபதிகள் நியமன ஆணைய வழக்கில் விலகச் சொன்னபோது உச்ச நீதிமன்ற நீதிபதி கேஹர் மறுத்தாரே, அதுதான் சரி.

மீனாட்சி: மறுத்ததில் எனக்குக் குறையில்லை. அவர் விலக வேண்டுமா என்பதை முடிவு செய்த அமர்வில் அவரும் இருந்தாரே, அதை எப்படி ஏற்பது?

செல்வம்: வேறு யார் முடிவு செய்வது? உச்ச நீதிமன்றத்துக்கு மேலே இன்னொன்று இருக்கிறதா?

மீனாட்சி: மேலே வேண்டாம். அவர் இல்லாமல் மற்ற நான்கு பேர் முடிவு செய்திருக்கலாமே!

செல்வம்: தினமும் பக்கத்தில் உட்காரும் சகாவைப் போகச் சொல்ல அந்த நான்கு பேருக்கு மனம் வருமா?