தேன் பாட்டில் சீல், லேபிள் போட்டோ: அசலா என்று கண்டுபிடிக்க முடியுமா?

மலர்விழி
வழக்கமாக வாங்கும் பிராண்டு தேன்தான், அரை கிலோ பாட்டில். இந்த முறை ஆன்லைனில் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கினேன். மூன்று விஷயம் உறுத்துகிறது. மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு அட்டை வட்டம் தனியாகக் கழன்று விழுந்தது. பழைய பாட்டிலில் இருந்த அக்மார்க் முத்திரை இதில் இல்லை. தேதி அச்சு கொஞ்சம் கலைந்திருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், மூடி என மூன்று போட்டோ போட்டிருக்கிறேன். போலியா?

சரவணன்_77
பார்கோடு 890 என்று தொடங்குகிறது பாருங்கள். அப்படியென்றால் இந்தியாவில் தயாரித்தது, அசல்தான். பயப்படாமல் சாப்பிடுங்கள்.

பாக்கியநாதன்
சரவணன், பாதிதான் சரி. 890 என்றால் அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். சரக்கு எங்கே தயாரானது என்று அது சொல்லாது. அப்புறம், பார்கோடு வெறும் படம். அசல் லேபிளை ஸ்கேன் செய்து அச்சடித்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

மலர்விழி, அந்த அட்டை வட்டம் பெரும்பாலும் குறையே இல்லை. சீல் வைக்கும் லைனரில் ஒரு வகை இரண்டு அடுக்காக வரும். மேலே அட்டை, கீழே அலுமினியத் தாள், நடுவில் மெழுகு. மெஷினுக்கு அடியில் போகும்போது சூடு ஏறி தாள் பாட்டில் வாயில் ஒட்டிக்கொள்ளும், மெழுகு உருகி அட்டைக்குள் போய்விடும். அதனால் அட்டை மூடியிலேயே தங்கும், சில சமயம் கழன்றும் விழும். பார்க்க வேண்டியது தாளைத்தான். வாய் விளிம்பு முழுக்க ஒரே சீராக ஒட்டியிருந்ததா? உரிக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவு பலம் தேவைப்பட்டதா? இரண்டாவதை எந்தப் போட்டோவிலும் பார்க்க முடியாது.

அக்மார்க் தேனுக்குக் கட்டாயமில்லை, நிறுவனம் விரும்பினால் வாங்கிக்கொள்வது. ஒரே பிராண்டில் ஒரு பேக்கிங் யூனிட்டுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. முத்திரை இல்லை என்பதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல மாட்டேன்.

எனக்குச் சந்தேகம் தேதி மேல்தான். அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அச்சின் புள்ளிகள் குழைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பேட்ச் எண்ணும் தெரியட்டும்.

ரேவதி கண்ணன்
என் வீட்டு நெய்யில் ஒரு ஓரம் மணல்மணலாக, இன்னொரு ஓரம் வழவழப்பாக இருக்கிறது. போட்டோ போட்டால் கலப்படமா என்று சொல்வீர்களா?

பாக்கியநாதன்
முடியாதும்மா. நெய் எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதைப் பொறுத்தே மணல் அமையும். படத்தில் வேறு எண்ணெய் கலந்ததைப் பார்க்க முடியாது. மிளகாய்த்தூள் நிறத்துக்கும் இதே பதில்தான்.

மலர்விழி
புதுப் படம் போட்டிருக்கிறேன். பேட்ச் எண் K என்று தொடங்குகிறது. லேபிளில் FSSAI எண் மூன்று இருக்கிறது, எது நம்முடையது?

பாக்கியநாதன்
படம் நன்றாக வந்திருக்கிறது. லேபிளின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில், ‘பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும்’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். K-க்கு எதிரே உள்ள முகவரிதான் உங்கள் பாட்டிலை நிரப்பிய யூனிட். அதன் 14 இலக்க எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் போட்டுத் தேடுங்கள். பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது வரும். பெயரும் முகவரியும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும், உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். ஒத்துப்போனாலும் எண் உண்மையானது என்றுதான் அர்த்தம், பாட்டில் உண்மையானது என்று இல்லை.

தேதிக்கு வருவோம். மை காய்வதற்கு முன் கை பட்டால் எழுத்திலிருந்து ஒரே திசையில் வால் மாதிரி இழுபடும். உங்கள் படத்தில் அப்படி இல்லை. எண்கள் கூர்மையாக இருக்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள லேபிள்தான் பளபளப்பு போய் மங்கியிருக்கிறது. வருடத்துக்கு வலது பக்கம் வரிசையில் சேராத புள்ளிகள் இரண்டு மூன்று தெரிகின்றன. பழைய தேதியைத் துடைத்துவிட்டு மேலே அடித்தால் இப்படி வரும். ஆலையிலேயே தப்பாக அடித்துத் துடைத்து மறுபடி அடிப்பதும் உண்டு. எது என்று படத்திலிருந்து சொல்ல முடியாது. நிறுவனத்துக்குப் பேட்ச் எண்ணை அனுப்பி அந்தப் பேட்சின் தேதி என்ன என்று கேளுங்கள்.

சரவணன்_77
தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

பாக்கியநாதன்
கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் போய் உட்காரும். ஆய்வகம்தான் வழி. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். திறந்த பாட்டிலுக்கு அது உதவாது.

மலர்விழி
உரிம எண் சரியாக வந்தது, முகவரியும் அதுவே. நிறுவனத்திடமிருந்து பதில், “அந்தப் பேட்ச் எங்களுடையதுதான்” என்று ஒரே வரி. தேதியைப் பற்றி ஒன்றும் இல்லை. கிட்டத்துப் படத்தையும் இணைத்து மறுபடி எழுதியிருக்கிறேன்.

பாக்கியநாதன்
அந்த ஒரு வரி போதாது. தயாரித்த தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை அட்டை வட்டம், உரித்த தாள், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.