அறுபதாயிரத்துக்கு என்ன பெயர்?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் செலவுச் சீட்டைத் தமிழில் அச்சடிக்கப் போகிறோம். பெரும்பாலான கட்டங்களுக்குச் சொல் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு கட்டம்தான் இழுத்தடிக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூலையில் மாங்கூழ் வைக்கும் கிடங்குக்கு ஓசூர்ப் பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அவருடைய பில்லில் கட்டணம் 60,000, மத்திய ஜிஎஸ்டி 5,400, மாநில ஜிஎஸ்டி 5,400, ஆக 70,800 ரூபாய். எங்கள் பழைய சீட்டில் "மொத்தம்" என்ற கட்டத்துக்குக் கீழேயே "வரிப்பிடித்தம் 10%" என்று இருந்தது. அவருடைய வருமான வரிக்காக ஜிஎஸ்டி சேராத 60,000-க்கு மட்டும் பத்து சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். எழுதிய பையன் 70,800-க்கே பத்து சதவீதம் போட்டு 7,080 பிடித்துவிட்டான். பொறியாளருக்கு 63,720 போனது. மறுநாளே அவர் போன் செய்து, "1,080 ரூபாய் குறையுதுங்களே" என்றார். பிடித்த பணத்தை அதற்குள் வரிக்கணக்கில் கட்டவில்லை என்பதால் 1,080-ஐத் திருப்பிக் கொடுத்து, 6,000 மட்டும் கட்டினோம். பையன் மேல் தப்பில்லை, சீட்டு அப்படித்தான் சொன்னது.

ஆக, ஜிஎஸ்டி சேராத அந்த 60,000-க்கு ஒரு பெயர் வேண்டும். "வரியில்லாக் கட்டணம்" என்று எழுதிப் பார்த்தேன். பொருளாளர் பார்த்துவிட்டு, "இவருக்கு வரிவிலக்கு இருக்கா?" என்று கேட்டார். அதோடு அந்தச் சொல்லைக் கிழித்துப் போட்டேன்.

ஓசூரிலிருந்து (கணக்கு எழுதுபவர்):

நல்லவேளை, கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டீர்கள். 7,080 கட்டி, கணக்கும் 70,800-க்கே தாக்கல் ஆகியிருந்தால் பொறியாளர் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS படிவத்தில் அவருக்குக் கொடுத்த தொகை 70,800 என்று நின்றிருக்கும். அவரோ வருமானத்தில் 60,000 காட்டுவார். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி அவர் தலையில் விழும். கூடுதலாகப் பிடித்த 1,080 தொலைந்து போகாது, வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஜிஎஸ்டி 10,800-ஐ மட்டும் அவர் அடுத்த மாதமே முழுசாகக் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் அவருடையதே இல்லை, அரசுக்காக உங்களிடம் வாங்கி வைத்திருப்பது. வருமானமே இல்லாத பணத்தில் வருமான வரி பிடிப்பதுதான் இங்கே நடந்த கோளாறு.

2017 ஜூலை 19-இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 23/2017 சுற்றறிக்கை இதைத்தான் சொல்கிறது. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். "தனியாகக் காட்டியிருந்தால்" என்பதைக் கவனியுங்கள். பில்லில் "வரி உட்பட 70,800" என்று ஒரே தொகையாக இருந்தால் முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டியதுதான். நான் அப்படி பில் வந்தால் திருப்பி அனுப்பி, பிரித்து எழுதி வாங்குவேன்.

சொல்லுக்கு என் ஓட்டு: அசல். "அசலுக்கு மட்டும் பிடி" என்றால் எங்கள் ஆபீஸில் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, பத்து சதவீதமா? எங்கள் கம்பெனியில் 2025-இல் இரண்டு சதவீதம்தான் பிடித்தோம். அதுவும் இதே மாதிரிக் கட்டணங்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தில் இருந்த 194J பிரிவில்தான். சொல் தேடுவதற்கு முன்னால் சதவீதத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஓசூரிலிருந்து:

தம்பி சொல்வது பாதி சரி. தொழில்நுட்பச் சேவைக்கு இரண்டு. பொறியாளர், வக்கீல், மருத்துவர், கணக்காய்வாளர் போன்றவர்களின் தொழில்முறைக் கட்டணத்துக்குப் பத்து. வரைபடம் போட்ட பொறியாளர் பத்தில் வருவார். இயந்திரத்தைப் பராமரிக்கிறவரை எதில் வைப்பது என்று சில இடங்களில் இழுபறி உண்டு, அதை இங்கே தீர்க்க முடியாது. அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினால்தான் பிடித்தமே. முன்பு அது 30,000.

அரூரிலிருந்து:

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகம் ஒன்றுக்கு நான்கு லட்ச ரூபாய் வேலை செய்தேன். பில்லில் வருமான வரிக்கு ஒரு பிடித்தம், அதற்குக் கீழே ஜிஎஸ்டியிலும் இரண்டு சதவீதம் பிடித்தம். ஜிஎஸ்டியில் பிடிக்கக் கூடாது என்று இங்கே சொல்கிறீர்கள். அப்படியானால் என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ஓசூரிலிருந்து:

இல்லைங்க ஐயா, ஏமாற்றவில்லை. உங்களுக்குப் பிடித்தது வேறு சட்டம். அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜிஎஸ்டி சட்டப்படி இரண்டு சதவீதம் பிடிக்க வேண்டும். அது உங்கள் ஜிஎஸ்டி ரொக்கக் கணக்கில் வரவாகும். இணையதளத்தில் போய் ஏற்றுக்கொண்டீர்களா என்று மட்டும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு சதவீதமும் ஜிஎஸ்டி சேராத மதிப்புக்குத்தான். ஆகவே நம் சொல் உங்கள் பில்லுக்கும் வேலைக்கு ஆகும்.

தருமபுரியிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

"அசல்" எனக்கு ஒத்துவரவில்லை. வேற்றுமொழிச் சொல் என்பதற்காகச் சொல்லவில்லை, "ரசீது", "பாக்கி" எல்லாம் நானும் எழுதுகிறேன். அசல் என்றதும் கூடவே வட்டி நினைவுக்கு வருகிறது. போதாக்குறைக்கு "அசல் பில்லை இணைக்கவும்" என்று அதே சீட்டின் அடியில் அச்சடிப்பீர்கள். ஒரே தாளில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாம்.

"மூலத்தில் வரிக்கழிவு" என்று சிலர் எழுதுவதையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மூலம் என்றால் ஒருவருக்கு நட்சத்திரம், இன்னொருவருக்கு வைத்தியம். கழிவு என்றால் கடைக்காரருக்குத் தள்ளுபடி. சம்பளச் சீட்டில் நாற்பது வருஷம் பார்த்த "பிடித்தம்" நன்றாகவே இருக்கிறது. "வருமான வரிப் பிடித்தம்" என்று முழுசாக எழுதினால் அரூர்க்காரருக்கு வந்த குழப்பமும் வராது.

அறுபதாயிரத்துக்கு வெறுங்கட்டணம் என்று வைக்கலாமா? வெறுஞ்சோறு என்றால் குழம்பு சேராத சோறு. அதுபோல ஜிஎஸ்டி சேராத கட்டணம்.

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, பொறியாளர் கோபித்துக்கொள்வார். "வெறும் கட்டணமா என் வேலைக்கு?" என்பார். வரிமுன் கட்டணம் என்று வையுங்களேன்.

தருமபுரியிலிருந்து:

எந்த வரிக்கு முன், தம்பி? வருமான வரிக்கு முன் என்று எடுத்துக்கொண்டால் 70,800-உம் வரிமுன் கட்டணம்தானே? பழைய குழப்பமே திரும்பி வருகிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நேற்று இரண்டு மாதிரிச் சீட்டு எழுதி, அன்று தவறு செய்த பையனிடமே கொடுத்தேன். பழைய பில்லையே வைத்துப் போடச் சொன்னேன். "வரிமுன் கட்டணம்" சீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான், 70,800-ஐத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "வெறுங்கட்டணம்" சீட்டில் சிரித்தான், ஆனால் நேராக 60,000 எழுதினான். அதில் கட்டங்களின் வரிசையையும் மாற்றியிருந்தேன், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது:

```
வெறுங்கட்டணம்              60,000
வருமான வரிப் பிடித்தம் 10%  - 6,000
ஜிஎஸ்டி 18%               +10,800
கொடுக்க வேண்டியது           64,800
```

பிடித்தம் ஜிஎஸ்டிக்கு மேலேயே வந்துவிடுவதால் 70,800 என்ற எண்ணே சீட்டில் இல்லை. பில்லின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்று தணிக்கையாளர் கேட்பார், அதை ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிடலாம்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பொறியாளர் இரண்டாவது பில்லில் கார் வாடகை 3,000 சேர்த்து, அதற்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார். அது வெறுங்கட்டணத்தில் சேருமா?

ஓசூரிலிருந்து:

ஒரே பில்லில் கட்டணத்தோடு வந்தால் நான் 3,000-க்கும் சேர்த்தே பிடிப்பேன். வேறு மாதிரி வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடகையையும் "கட்டணம்" என்று எழுத எனக்கே கை வரவில்லை. பேசாமல் "ஜிஎஸ்டி சேராத தொகை" என்று நீட்டி எழுதிவிட்டால் என்ன?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

கட்டத்தில் இடம் பத்தாது அண்ணா. "வெறுந்தொகை" என்றால் அடங்கும், கார் வாடகையும் உள்ளே வந்துவிடும். ஆசிரியர் ஐயா என்ன சொல்கிறீர்கள்? அச்சகத்தில் சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.