டானினுக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

வண்டிப்பெரியாறு ஆசிரியை:
எஸ்டேட் பெண்களுக்கான இரத்தசோகைத் துண்டறிக்கையை மலையாளத்திலிருந்து தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சத்து உடம்பில் சேர்வதைச் சொல்லும் ‘ஆகிரணம்’ என்பதற்குப் பாடநூல் சொல்லான ‘உட்கிரகித்தல்’ போட்டேன், கொழுந்து கிள்ளும் அக்கா ஒருவர் “கிரகணமா டீச்சர்?” என்று கேட்டார். டீ, காபியில் இருந்துகொண்டு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாத டானினுக்கும் ஒரு சொல் வேண்டும்.

செங்கோட்டை ஐயா:
‘துவர்மம்’ என்று வையுங்கள். துவர் நம் பழஞ்சொல், காவி உடைக்கும் துவராடை என்றே பெயர். டானின் என்ற பெயரே தோல் பதனிடும் மரப்பட்டையிலிருந்து வந்ததுதான், நம்மிடம் அதற்கு ஆவாரம்பட்டை இருக்கிறதே.

சித்தூர் தம்பி:
இதெல்லாம் காஃபீன் வேலைதானே? பால் ஊற்றிக் குடித்தால் சரியாகிவிடும் என்றும் கேட்டிருக்கிறேன்.

கம்பம் மருந்தாளுநர்:
இல்லை தம்பி. காஃபீன் நீக்கிய காபியும் இதைச் செய்யும், பாலையும் நம்ப முடியாது. இரும்பு மாத்திரையைப் பொடித்துக் கட்டன் சாயாவில் போட்டுப் பாருங்கள், கடுக்காய் மைபோலக் கறுத்துவிடும். குடலிலும் அதுதான் நடக்கிறது. இரும்பு உள்ளே போகுமுன்பே டானின் அதைப் பிடித்துக் கரையாத பொருளாக்குகிறது, அது மலத்தோடு போய்விடும். ஆகவே ‘தடுப்பி’ என்று எழுதாதீர்கள், ‘கட்டும்’ என்பதே சரி. கீரை, பருப்பு, மாத்திரை இவற்றின் இரும்புக்குத்தான் பெரிய அடி. கறியில் இரத்தத்தோடு இருக்கும் இரும்பு அவ்வளவாகப் பாதிக்கப்படாது. 1983இல் அளந்த ஒரு சோதனையில், சாப்பாட்டோடு காபி குடித்தபோது சேரும் இரும்பு 39 சதவீதம் குறைந்தது, டீக்கு 64. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது கூடவே குடித்த அளவுக்குக் குறைத்தது. அதனால் நான் இரண்டு மணி நேரம் விடச் சொல்வேன்.

குமுளி அக்கா:
சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்கு ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. மூன்று மாதம் மாத்திரையைக் காலை டீயிலேயே விழுங்கினேன், மலம் கறுப்பாகப் போனதால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். திரும்பப் பார்த்தால் 9.5. அப்புறம் பதினொரு மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டு, டீயை மூன்றரைக்குத் தள்ளினேன். இரண்டு மாதத்தில் 11.2.

கம்பம் மருந்தாளுநர்:
அந்தக் கறுப்பு, சேராமல் வெளியேறிய இரும்புதான் அக்கா. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி டானினுக்கு எதிராக வேலை செய்யும். 12க்குக் கீழே இருந்தால் இன்னும் சோகைதான், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வண்டிப்பெரியாறு ஆசிரியை:
‘துவர்ப்புச் சத்து’ என்று போடட்டுமா?

சித்தூர் தம்பி:
சத்து என்றால் நல்லது என்று இன்னும் இரண்டு கிளாஸ் குடிப்பார்கள்.

வண்டிப்பெரியாறு ஆசிரியை:
சரி, “டீ, காபியில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிவிடும், உடம்பில் சேரவிடாது.” நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள், இதையே அனுப்புகிறேன்.

செங்கோட்டை ஐயா:
எனக்கு ஒப்புதல் இல்லை. துவர்ப்பு சுவையின் பெயர், பொருளின் பெயர் ஆகாது. தவிர, இரும்பு மாத்திரை போட்டாலே மலம் கட்டும் என்று பயப்படுகிற பெண்களிடம் போய் ‘கட்டிவிடும்’ என்றால் எதை நினைப்பார்கள்?