புதுப்பிப்பு: தாராவி மாலை வகுப்பின் ஒலிப்பதிவுகள்

என் முந்தைய கேள்வி: "வகுப்பு நடக்கும்போது கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்கிறேன். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளில் கொடுத்தால் தப்பும் தவறுமாக வருகிறது, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன வழி?"

இரைச்சலை நீக்கிவிட்டுக் கொடுக்கச் சொன்னார் ஒரு தம்பி. மின்விசிறி ஓசை அடங்கியது, ஆனால் பிழைகள் கூடின. மெல்லிய 'ச', 'ப' ஒலிகளையும் அந்த நீக்கி சேர்த்தே அரித்துவிட்டது. அது காதுக்கு நல்லது, விஸ்பருக்கு அல்ல.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த அண்ணன் சொன்னதுதான் பலித்தது: "தூரம்தான் கேடு. மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள்." சட்டையில் குத்தும் மைக்கில் தகரக் கூரையின் எதிரொலியைவிட என் குரல் ஓங்கி நின்றது. பிள்ளைகளின் பதில்கள் அதில் எட்டாததால், ஒவ்வொரு பதிலையும் நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். எழுத்தில் அது ஒழுங்காக விழுகிறது.

வாக்கியம் சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் வேறு. விஸ்பர் 30 விநாடித் துண்டுகளாகக் கேட்கிறது. முந்தைய துண்டின் எழுத்தை அடுத்ததற்குத் துணையாகக் கொள்கிறது. ஒரு துண்டில் உளறினால் அது தொடர்கிறது. அதை நிறுத்தினேன்:

```
whisper vaguppu.wav --model medium --language ta --condition_on_previous_text False
```

சுழல்வது வெகுவாகக் குறைந்தது. யாரும் பேசாத இடங்களில் மட்டும் சொல்லாத வாக்கியம் இன்னும் முளைக்கிறது. பதிவோடு ஒப்பிட்டு நீக்குகிறேன்.

சங்கக் கூட்டத்துக்கும் இது உதவுமா என்று கேட்ட மாமாவுக்கு: பலர் பேசும் இடத்தில் ஒரே சட்டை மைக் போதாது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும் பகுதிக்கு எனக்கும் வழி கிடைக்கவில்லை.